அஸ்தங்கம்: சூரியனுக்குப் பக்கத்தில் போகும் கிரகத்துக்கு என்னதான் ஆகிறது?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அக்காவுக்கு 2026 ஜனவரி 13ஆம் தேதி, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, நண்பகல் 12 மணிக்குப் பேத்தி பிறந்தாள். பத்தாம் நாளே ஜாதகம் எழுதக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு பினாங்கில் இருக்கும் எனக்கு அக்காவிடமிருந்து அழைப்பு. குரல் கம்மிப் போயிருந்தது.

"தம்பி, பாப்பாவுக்குச் சுக்கிரன் எரிஞ்சு போச்சாம். கல்யாணமே கஷ்டமாம். இப்பவே பரிகாரம் ஆரம்பிக்கணும்னு சொல்றாங்க."

பின்னாலிருந்து அவர் மாப்பிள்ளை சொல்வதும் கேட்டது: "மாமா, அவங்க சும்மா பயமுறுத்துறாங்க. கட்டத்தைப் பாருங்க. சூரியன் தனுசுல இருக்கு, சுக்கிரன் மகரத்துல இருக்கு. வேற வேற கட்டம். அப்புறம் எப்படி எரியும்?"

ஒருவர் எரிந்துவிட்டது என்கிறார், இன்னொருவர் ஒன்றுமே ஆகவில்லை என்கிறார். இரண்டுமே தப்பு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இத்தனை குழப்பம் ஏன் என்று யோசித்தபோது, வேர் அந்த 'எரிந்து போனது' என்ற சொல்லிலேயே இருப்பது தெரிந்தது. அதனால் அக்காவுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பசார் மாலம் விளக்கு

மாலை ஆறு மணிக்குப் பசார் மாலம் போயிருக்கிறீர்களா? கடை விரித்ததுமே முறுக்குக் கடைக்காரர் ஒரு பல்பை எரியவிட்டுவிடுவார். வெயில் இன்னும் இருக்கும். அந்தப் பல்பு எரிகிறதா இல்லையா என்று பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஏழரைக்கு மேல் சூரியன் அடைந்து வானம் கறுத்ததும், அதே பல்பு தெருக்கோடியிலிருந்தே தெரியும். ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் பல்பில் ஒரு மாற்றமும் இல்லை. சுற்றியிருந்த வெளிச்சம் போய்விட்டது, அவ்வளவுதான்.

கிரகத்துக்கும் இதேதான். பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரு கிரகம் சூரியன் இருக்கும் திசைக்கே வந்துவிட்டால், அது சூரியனோடு உதித்துச் சூரியனோடு அடையும். இரவில் வானத்தில் இருக்காது. பகலில் இருந்தாலும் வெளிச்சத்தில் தெரியாது. சில நாட்களோ சில மாதங்களோ அது கண்ணுக்கே படாது. இந்த மறைவுக் காலத்துக்குத்தான் அஸ்தங்கம் என்று பெயர். 'அஸ்தம்' என்றால் மறைவு, அடைதல். மாலையில் சூரியன் அடைவதை அஸ்தமனம் என்கிறோமே, அதே சொல். எரிதல் என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. ஆங்கில ஜோதிடப் புத்தகங்கள் இதற்கு எரிவதைக் குறிக்கும் சொல்லைப் போட்டன. நம் ஆட்கள் அதைத் திரும்பவும் தமிழாக்கி 'எரிந்த கிரகம்' என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

சுக்கிரனுக்குச் சூரியனிலிருந்து உள்ள உண்மையான தூரம் சுமார் 10.8 கோடி கிலோமீட்டர். அது வருடம் முழுவதும் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அக்காவின் பேத்தி பிறந்த அன்றும் அதே தூரம்தான். சுக்கிரன் சூரியனுக்கு அந்தப் பக்கத்தில் போய் நின்றதால், இங்கிருந்து பார்க்க இரண்டும் ஒரே திசையில் இருந்தன. எரிவதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

ஆக, அஸ்தங்கம் என்பது பூமியில் நிற்கும் நம் கண்ணைப் பொறுத்த விஷயம். கிரகம் அங்கேயேதான் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை.

பிறை தேடுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்

இதற்கு நம் ஊரிலேயே அருமையான உதாரணம் ஒன்று உண்டு. நோன்பு தொடங்கும் முன்பும் நோன்புப் பெருநாளுக்கு முன்பும் மலேசியாவில் பல இடங்களில் அதிகாரிகள் மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பினாங்கில் பந்தாய் ஆச்சேயில், கடலைப் பார்த்தபடி ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கிறது. அங்கே அவர்கள் தேடுவது, சூரியனை விட்டு இப்போதுதான் விலகிய மெல்லிய பிறையை.

அமாவாசையன்று சந்திரன் சூரியனோடு இருக்கிறது, தெரியாது. விலகிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் தெரிய ஆரம்பிக்கும். அந்தக் கட்டம் எது? மலேசியா, இந்தோனேசியா, புருணை, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளும் இப்போது வைத்திருக்கும் கணக்குப்படி, சூரியன் அடையும் நேரத்தில் பிறை அடிவானத்துக்கு மேல் குறைந்தது 3 பாகை உயரத்தில் இருக்க வேண்டும், சூரியனிலிருந்து 6.4 பாகை விலகியிருக்க வேண்டும். பாகை என்பது வானத்தை ஒரு முழு வட்டமாக வைத்து 360 பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை.

நம் ஜோதிடத்தில் சந்திரனுக்கு அஸ்தங்க எல்லை 12 பாகை. இந்த 12 எங்கிருந்து வந்தது என்று பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு உடனே பிடிபடும். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அதாவது அமாவாசையும் பிரதமையும்தான் சந்திரனுக்கு மறைவுக் காலம். நம் வீட்டுப் பெரியவர்கள் மூன்றாம் பிறை பார்ப்பது இது முடிந்தபின். வானியல் மையத்தில் தொலைநோக்கி வைத்துத் தேடுகிறார்கள், எல்லை சிறியது. பாட்டி வெறுங்கண்ணால் பார்ப்பாள், எல்லை பெரியது. இரண்டு பேர் கேட்பதும் ஒரே கேள்விதான்: சூரியனிலிருந்து எத்தனை பாகை விலகினால் தெரியும்?

ஒவ்வொரு கிரகத்துக்கும் ஏன் வேறு எண்?

சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலில் ஒவ்வொரு கிரகத்துக்கும் எல்லை சொல்லியிருக்கிறது. ஜோதிடர்கள் இன்றும் இதையே வைத்துக்கொள்கிறார்கள். சுக்கிரன் 10, குரு 11, சந்திரன் 12, புதன் 14, சனி 15, செவ்வாய் 17. சூரியனிலிருந்து இந்தப் பாகைக்குள், முன்னாலோ பின்னாலோ வந்தால் அந்தக் கிரகம் அஸ்தங்கம்.

இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். சந்திரனைத் தனியே வைத்துவிட்டு மற்ற ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். வானத்தில் அதிகம் ஜொலிப்பது சுக்கிரன், அதற்கு எல்லை சிறியது. அடுத்து குரு. சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது மங்கலாகத் தெரிகிறவை சனியும் செவ்வாயும், அவற்றுக்கு எல்லை பெரியது. பிரகாசமான விளக்கு, வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலே தெரிந்துவிடும். மங்கல் விளக்குக்கு நன்றாக இருட்ட வேண்டும். இந்த வரிசையைப் பார்த்தாலே, எண்களைத் தந்தவர்கள் எரிவதைப் பற்றி யோசிக்கவில்லை, தெரிவதைப் பற்றித்தான் யோசித்தார்கள் என்பது விளங்கிவிடும்.

வக்ரம் என்ற ஒரு நிலையும் உண்டு. பூமியிலிருந்து பார்க்கக் கிரகம் பின்னோக்கிப் போவது போலத் தோன்றும் காலம் அது. சுக்கிரனும் புதனும் வக்ரத்தில் இருக்கும்போது நமக்கும் சூரியனுக்கும் நடுவில் வருகின்றன. நமக்குப் பக்கம், வட்டும் பெரியது. அதனால் அப்போது சுக்கிரனுக்கு எல்லை 8, புதனுக்கு 12 என்று அந்த நூலே குறைத்துவிடுகிறது. மறைந்திருக்கும் நாட்களும் வெகுவாக மாறும். 2025 மார்ச் 23இல் சுக்கிரன் வக்ரத்தில் சூரியனைக் கடந்தது. 8 பாகைக் கணக்குப்படி பத்து நாளில் கதை முடிந்துவிட்டது. 2026 ஜனவரி 7 அதிகாலை, மலேசிய நேரப்படி, சூரியனுக்கு அந்தப் பக்கமாகக் கடந்தது. அப்போது இரண்டும் ஒரே திசையில் ஓடுவதால் இடைவெளி ஒரு நாளைக்குக் கால் பாகைதான் கூடும். 10 பாகைக் கணக்குப்படி நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை, எண்பது நாள் அளவுக்கு மறைவு.

நுணுக்கம் ஒன்று இருக்கிறது, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த நூலில் இந்த எண்கள் காலாம்சம், அதாவது நேரத்தில் அளந்த பாகை. வானம் ஒரு நாளில் 360 பாகை சுற்றுவதால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். குருவுக்கு 11 என்றால், சூரியன் அடைந்து 44 நிமிடம் கழித்துக் குரு அடைய வேண்டும், அப்போதுதான் தெரியும் என்று பொருள். பினாங்கில் 7:30க்குச் சூரியன் அடைந்தால் குரு 8:14 வரையாவது இருக்க வேண்டும். இன்றைய ஜோதிடர்களில் பெரும்பாலோர் இதை ராசிச் சக்கரத்தில் நேராக எண்ணும் பாகையாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் அஸ்தங்கம் முடியும் தேதி ஒரு பஞ்சாங்கத்துக்கும் இன்னொன்றுக்கும் பல நாள் வித்தியாசப்படுகிறது. இடைவெளி மெதுவாகக் கூடும் சுக்கிரனுக்கு இந்த வித்தியாசம் அதிகமாகவே இருக்கும். அதற்காக ஒரு பஞ்சாங்கத்தைப் பொய் என்று தூக்கி எறிய வேண்டியதில்லை.

கட்டத்தை எண்ணக் கூடாது, பாகையை எண்ண வேண்டும்

இனி மாப்பிள்ளையின் வாதத்துக்கு வருவோம்.

ராசி என்பது 30 பாகை கொண்ட ஒரு துண்டு. ஜாதகக் கட்டத்தில் ஒரு பெட்டி. பேத்தி பிறந்த நண்பகலில், இன்றைய வானியல் கணக்கை வைத்து எழுதும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி, சூரியன் தனுசு ராசியில் 28¾ பாகை அளவில் இருந்தது. சுக்கிரன் அன்று காலை ஆறரை மணி வாக்கில்தான் மகரத்துக்குள் நுழைந்திருந்தது, நண்பகலில் மகரத்தில் கால் பாகை. தனுசு முடிய 1¼ பாகை, மகரத்தில் கால் பாகை, மொத்தம் ஒன்றரை பாகை இடைவெளி. எல்லை 10. ஆகச் சுக்கிரன் ஆழமான அஸ்தங்கத்தில் இருந்தது, வேறு கட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும்.

பக்கத்துப் பக்கத்து வீடு என்றாலும் நடுவில் ஒரு சுவர்தான். இவர் வரவேற்பறையில் பாட்டை உரக்க வைத்தால் அவர் வீட்டுப் படுக்கையறையில் காது கிழியும். முகவரி வேறு என்பதால் சத்தம் நின்றுவிடாது.

இதன் மறுபக்கமும் உண்டு, அதுதான் இன்னும் அதிகம் நடக்கும் தவறு. மேஷத்தில் 2 பாகையில் சூரியன், அதே மேஷத்தில் 24 பாகையில் புதன் என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தில் இரண்டும் ஒரே பெட்டியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு தெரியும். பார்த்ததும் "புதன் அஸ்தங்கம்" என்று சொல்லிவிடுவார்கள். இடைவெளி 22 பாகை. புதனின் எல்லை 14. அஸ்தங்கம் இல்லவே இல்லை.

உங்கள் ஜாதகத்தில் இதைச் சரிபார்க்க விரும்பினால், கட்டத்தை விட்டுவிட்டு, கிரக ஸ்புடம் என்ற அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு கிரகமும் எந்த ராசியில் எத்தனை பாகை என்று அதில் இருக்கும். சூரியனையும் அந்தக் கிரகத்தையும் கழித்துப் பார்த்தால் போதும். கைபேசிச் செயலிகளில் பலவும் ஒரு அடையாளம் போட்டுவிடும், ஆனால் அது எந்த எல்லையை வைத்துப் போட்டது என்று செயலி சொல்வதில்லை. பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் எழுதிய ஜாதகமானால் பாகைகளே கொஞ்சம் மாறும். எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிரகத்துக்கு அதனால் முடிவே மாறலாம்.

சரி, எதைப் பலவீனமாக்குகிறதாம்?

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இனி வருவது ஜோதிட நூல்களும் ஜோதிடர்களும் சொல்வது. நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் என்ன சொல்கிறார்கள் என்பதையாவது சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சூரியன் ராஜா. மற்றவை அவர் சபையில் இருப்பவர்கள். ராஜாவுக்கு மிக அருகில் உட்கார்ந்தவருக்குச் சொந்தக் குரல் இருக்காது, ராஜா சொல்வதுதான் அவர் வாயிலும் வரும். அஸ்தங்கம் பெற்ற கிரகம் தன் பலனைத் தானாகத் தர முடியாமல் திணறும் என்பது இதன் சாரம். அந்தத் திணறல் இரண்டு வழியில் வெளிப்படும் என்கிறார்கள்.

முதலாவது காரகத்துவம். ஒவ்வொரு கிரகமும் எல்லா ஜாதகத்திலும் பொதுவாகக் குறிக்கும் விஷயங்கள் இவை. சுக்கிரன் திருமணம், சுகம், வாகனம், கலை. குரு பிள்ளைப்பேறு, பொருள், ஆசான். புதன் கல்வி, பேச்சு, வணிகம். செவ்வாய் உடன்பிறப்பு, நிலம், துணிவு. சனி உழைப்பு, ஆயுள். சந்திரன் மனம், தாய். சுக்கிரன் மறைந்தால் திருமணம் தாமதம் என்று பொதுவாகச் சொல்வது இதை வைத்துத்தான். அக்காவிடம் சொன்னவரும் இந்தப் பாதியோடு நின்றுவிட்டார்.

இரண்டாவது ஆதிபத்தியம். அந்த ஜாதகத்தில் மட்டும் அந்தக் கிரகம் எந்த வீடுகளுக்குச் சொந்தக்காரன் என்பது. இது லக்னத்தைப் பொறுத்தது. லக்னம் என்றால் பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எழும் ராசி. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். சுக்கிரனுக்கு ரிஷபம், துலாம் என்று இரண்டு சொந்த வீடுகள். லக்னத்திலிருந்து அவை எத்தனையாவது வீடுகளாக வருகின்றன என்று எண்ண வேண்டும்.

அன்று நண்பகலில் கோலாலம்பூரில் எழுந்துகொண்டிருந்தது மீனம். மீனத்திலிருந்து எண்ணினால் ரிஷபம் மூன்றாம் வீடு, துலாம் எட்டாம் வீடு. மூன்று முயற்சியையும் உடன்பிறப்பையும் குறிக்கும், எட்டு தடைகளையும் ஆயுளையும் குறிக்கும். மீன லக்னத்துக்குச் சுக்கிரன் அவ்வளவு நல்லவன் இல்லை என்று ஜோதிடர்களே சொல்வார்கள். தடைக்கு அதிபதியான ஒருவன் குரல் அடங்கிப் போனால் அது நஷ்டமா? பலர் அதை லாபம் என்றே வாசிப்பார்கள்.

அதே மருத்துவமனையில் அதே நாள் மதியம் 2 மணிக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தால் லக்னம் மேஷம். அப்போது சுக்கிரன் இரண்டாம் வீட்டுக்கும் ஏழாம் வீட்டுக்கும் அதிபதி, அதாவது குடும்பம், பணம், திருமணம். காரகத்துவமும் திருமணம், ஆதிபத்தியமும் திருமணம். அஸ்தங்கத்தைப் பற்றி ஒரு ஜோதிடர் யோசிக்க வேண்டிய ஜாதகம் அது. சுக்கிரன் இருக்கும் பாகை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வாசிப்பு தலைகீழ்.

எந்த அளவுக்குப் பலவீனம் என்பதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர், பிருகத் ஜாதகத்தில் ஆயுள் கணக்கைச் சொல்லும்போது, அஸ்தங்கம் பெற்ற கிரகம் தரும் வருடங்களில் பாதியைக் கழிக்கச் சொல்கிறார். பாதிதான், முழுதும் இல்லை. அதிலும் சுக்கிரனுக்கும் சனிக்கும் இந்தக் கழிவு கிடையாது என்று விலக்கும் கொடுக்கிறார். இது ஆயுள் கணக்குக்குச் சொன்ன விதி, திருமணத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும், அஸ்தங்கம் என்றாலே கிரகம் செத்துப்போனது என்று பேசுகிறவர்கள், அவ்வளவு பழைய நூலே அப்படிச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, காரகத்துவம் ஒன்று, ஆதிபத்தியம் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது பலவீனம் என்று சொல்லவே முடியும். கிரகம் சொந்த வீட்டிலோ உச்சத்திலோ இருந்தால் கெடுதல் குறையும் என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் இன்னொரு விதி. ராகுவும் கேதுவும் ஒளியுள்ள கோள்கள் அல்ல, சூரிய சந்திரப் பாதைகள் வெட்டும் இரண்டு புள்ளிகள். இல்லாத விளக்கு மறைவது எப்படி? அவற்றுக்கு அஸ்தங்கம் இல்லை.

நூற்றில் நாற்பது பேர்

புதனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகவே முடியாது. எப்போதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரியும் பிள்ளை. 116 நாளுக்கு ஒருமுறை தன் சுற்றை முடிக்கும்போது, அந்த எல்லைகளுக்குள் இருக்கும் நாட்களைக் கூட்டிப் பார்த்தேன். சூரியனுக்கு அந்தப் பக்கமாகப் போகும்போது சுமார் 34 நாள், வக்ரத்தில் இந்தப் பக்கமாக வரும்போது சுமார் 13 நாள். மொத்தம் 47. அதாவது நம்மில் நூற்றுக்கு நாற்பது பேருக்குப் புதன் அஸ்தங்கம்.

படிப்பு வராது, பேச்சு வராது, கணக்கு வராது என்று இத்தனை பேருக்கும் சொன்னால், லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் கடையை மூட வேண்டியதுதான். சூரியனும் புதனும் ஒரே ராசியில் சேர்ந்தால் புத ஆதித்ய யோகம், அறிவு பிரகாசிக்கும் என்றும் இதே சாஸ்திரம்தான் சொல்கிறது. அனுபவமுள்ள ஜோதிடர்கள் புதனுக்கு அஸ்தங்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். புதன் அஸ்தங்கம் என்று சொல்லி யாராவது பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பயமுறுத்தினால், எத்தனை பாகை என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

பேத்தியின் ஜாதகத்தில் இன்னொரு சங்கதியும் இருந்தது, ஜோதிடர் அதைச் சொல்லவே இல்லை. அந்த வாரத்தில் செவ்வாயும் சூரியனை ஒட்டியே, ஒரு பாகை அளவில் நின்றது. புதன் ஐந்து பாகை பின்னால். மூன்று கிரகங்கள் ஒரே நேரத்தில் மறைவு. கேட்டால் திகிலாக இருக்கும். ஆனால் அது அந்த நாட்களில் கோலாலம்பூரிலும் சென்னையிலும் டோக்கியோவிலும் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பொது. ஒரு குழந்தைக்கென்று தனியாக எழுதப்பட்டது லக்னத்தில்தான் இருக்கிறது.

பழைய ஜாதகமும் அரை மணி நேரமும்

அந்த லக்னத்தில்தான் நம் நாட்டுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. 1982 ஜனவரி 1க்கு முன்பு தீபகற்ப மலேசியாவின் நேரம் உலகப் பொது நேரத்தை விட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. அன்று முதல் எட்டு மணி நேரம் ஆனது. 1960, 70களில் பிறந்தவர்களின் நேரத்தைப் போட்டு, எட்டு என்று வைத்துக் கணித்தால் அரை மணி நேரம் பிசகும்.

அஸ்தங்கத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சூரியனே ஒரு நாளைக்கு ஒரு பாகைதான் நகரும், அரை மணியில் நகர்வது கண்டுகொள்ள முடியாத அளவு. ஆனால் லக்னம் அரை மணியில் ஏழெட்டுப் பாகை நகர்ந்துவிடும், சிலருக்கு ராசியே மாறிவிடும். லக்னம் மாறினால் ஆதிபத்தியம் மாறும். மூன்று எட்டுக்கு உரியவன் இரண்டு ஏழுக்கு உரியவனாகிவிடுவான். மறைந்த கிரகம் அதேதான், அது எதைப் பலவீனமாக்குகிறது என்ற பதில் மட்டும் தப்பாகிவிடும். பழைய ஜாதகத்தை மறுபடி கணிக்கும்போது இந்த அரை மணியை முதலில் பாருங்கள்.

மூடம் என்பது வேறு கணக்கு

கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது குரு மூடம், சுக்கிர மூடம் என்ற பேச்சு வரும். மூடமும் இதே மறைவுதான், ஆனால் அது அந்த நாட்களைப் பற்றியது, ஒருவர் ஜாதகத்தைப் பற்றியது அல்ல. குருவும் சுக்கிரனும் மறைந்திருக்கும் நாட்களில் சுபகாரியம் வேண்டாம் என்பது வழக்கம். 2025 ஜூன் 24இல் குரு மிதுன ராசியில், திருவாதிரை நட்சத்திரத்தில் சூரியனோடு சேர்ந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக ஏறத்தாழ ஒரு மாதம் மூடம், ஆனி மாதத்தின் பெரும்பகுதி போயிற்று. தெலுங்குக் குடும்பங்கள் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள், நம்மவர்கள் அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை. மண்டபம் ஒரு வருடம் முன்பே பதிவு செய்யும் ஊரில் யார் எதைப் பார்ப்பது என்பது வேறு கதை.

அக்காவுக்கு இவ்வளவையும் ஒரே அழைப்பில் சொல்லவில்லை. பாகைக் கணக்கை மாப்பிள்ளையிடம் சொன்னேன், மீன லக்னத்தை அக்காவிடம் சொன்னேன். பரிகாரத்துக்குக் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டாம், மனம் கேட்காவிட்டால் வெள்ளிக்கிழமை கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றிவிட்டு வாருங்கள் என்றேன். அப்புறம், மார்ச் முதல் வாரத்தில் மழை இல்லாத ஒரு நாள் பார்த்து, சூரியன் அடைந்ததும் மேற்கே பாருங்கள் என்றேன்.

சொன்ன மாதிரியே ஒரு நாள் அழைத்தார். அடுக்குமாடியின் கார் நிறுத்தும் மேல் தளத்திலிருந்து பேசினார்.

"தம்பி, நீ சொன்ன இடத்துல ஒண்ணு பளிச்சுனு நிக்குது. அதானா?"

மணி ஏழே முக்கால். அந்தத் திசையில் வேறு எதுவும் அப்படித் தெரிந்திருக்க முடியாது.

"அதேதான் அக்கா."

"பாப்பாவுக்குக் காட்டுனேன். அவ பக்கத்துல இருக்குற விளக்குக் கம்பத்தையே பாத்துக்கிட்டு இருக்கா."